குவாட்பிளேன்: திரும்பும் வழியை முதலில் முடிவு செய்யுங்கள்

பொறியியல் கல்லூரிகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் குவாட்பிளேன் செய்யும் மாணவர் குழுக்கள் இன்று பெருகிவிட்டன. ஹெலிகாப்டரைப் போல நின்ற இடத்திலிருந்து எழுந்து, பிறகு சாதாரண விமானத்தைப் போல இறக்கையின் பலத்தில் பறக்கும் ஊர்தி அது. இத்தகைய திட்டங்களின் மதிப்பீட்டுக் கூட்டங்களில் இரண்டு கேள்விகள் தவறாமல் எழுகின்றன: எந்தக் காற்றுவேகத்தில் நிலைமாற்றம் முடிகிறது? மோட்டார்கள் எத்தனை பாகை சாய்கின்றன? மூன்றாவது கேள்வி அநேகமாக எழுவதே இல்லை: நிலைமாற்றம் தொடங்கி நான்காவது நொடியில் ஏதேனும் பிழைத்தால், அந்த ஊர்தி என்ன செய்யும்?

இம்மூன்றும் தனித்தனிக் கேள்விகள் அல்ல என்பதும், மூன்றாவதன் விடையை முதலில் எழுதிய பின்னரே மற்ற இரண்டையும் தொட வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம். நடைமுறை இதற்கு நேர்மாறாக இருக்கிறது. வேகமும் கோணமும் வாரக்கணக்கில் செப்பம் செய்யப்படுகின்றன. ஃபெயில்சேஃப் மென்பொருள் எப்படி வந்ததோ அப்படியே விடப்படுகிறது.

வாதத்தைத் தெளிவாக்க ஓர் ஊர்தியைக் கற்பனையாக எடுத்துக்கொள்ளலாம். எடை 6 கிலோ. இறக்கைப் பரப்பு 0.6 சதுர மீட்டர். நான்கு மோட்டார்கள், முன்னிரண்டும் சாய்பவை, பின்னிரண்டும் எப்போதும் மேல்நோக்கியே நிற்பவை. ஒவ்வொரு மோட்டாரும் மிதப்புக்குத் தேவையானதைப் போல் இரு மடங்கு உந்துவிசை தரவல்லது. கட்டுப்படுத்துவது ஆர்டுபைலட். இந்தியக் கல்லூரிகளில் பரவலாகப் புழங்கும் திறந்தமூல மென்பொருள் அது என்பதால், அதன் அளவுருப் பெயர்களே இங்கு இடம்பெறுகின்றன.

காற்றுவேகம்: ஒரு கோடு

ஊர்தியின் எடை ஏறத்தாழ 59 நியூட்டன். மிதக்கும்போது இதை முழுவதும் மோட்டார்கள் சுமக்கின்றன. பறக்கும்போது முழுவதும் இறக்கை சுமக்கிறது. நிலைமாற்றம் என்பது இந்தச் சுமை கைமாறும் சில நொடிகள். இறக்கையின் ஏற்றுவிசை வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப உயர்வதால், கைமாற்றம் சீராக நிகழ்வதில்லை. மிதமான கோணத்தில் காற்றை எதிர்கொள்ளும் இறக்கையின் ஏற்றுவிசைக் குணகத்தை 0.6 எனக் கொண்டால், நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் அது எடையில் 9 விழுக்காட்டை மட்டுமே தாங்கும். 10 மீட்டரில் 37 விழுக்காடு. 15 மீட்டரில் 84 விழுக்காடு. பாதி வேகத்தை எட்டிய ஊர்தி பாதி வழி வந்துவிட்டதாகத் தோன்றும். உண்மையில் சுமையில் பெரும்பகுதி அப்போதும் மோட்டார்களின் மேல்தான் இருக்கிறது.

இறக்கை அதிகபட்சமாக 1.2 குணகம் வரை தரும் எனில், அது எடை முழுவதையும் தாங்கக்கூடிய மிகக் குறைந்த வேகம் நொடிக்கு 11.6 மீட்டர். அதற்குக் கீழே போனால் காற்றோட்டம் இறக்கையின் மேற்பரப்பை விட்டு விலகி ஏற்றுவிசை சரியும். இதையே ஸ்டால் என்கிறோம். அந்த எல்லைக்கு மேல் கால் பங்கு இடைவெளி வைத்தால் 14.5 வருகிறது, முழு எண்ணாக 15 எனக் கொள்ளலாம். ஆர்டுபைலட்டில் இந்த எண்ணைத் தாங்கும் அளவுரு AIRSPEED_MIN. பழைய பதிப்புகளில் அதன் பெயர் ARSPD_FBW_MIN.

இந்த எண்ணின் உண்மையான பணியைப் பலரும் கவனிப்பதில்லை. அதை வெறும் குறைந்தபட்ச வேகம் என்று கருதுகிறார்கள். நிலைமாற்றத்தில் அது ஒரு கோடு. கோட்டைத் தொடும் வரை ஆட்டோபைலட் காத்திருக்கிறது: நான்கு மோட்டார்களும் ஓடுகின்றன, மிதப்புக் கட்டுப்பாடு முழுமையாக இயங்குகிறது, முன்மோட்டார்கள் ஓர் உச்ச வரம்புக்குள் மட்டுமே சாய்கின்றன. கோட்டைத் தொட்டதும் இரண்டாம் கட்டம்: மிதப்பு உந்துவிசை படிப்படியாகக் குறைக்கப்படுகிறது, முன்மோட்டார்கள் முழுமையாக முன்னோக்கித் திரும்புகின்றன. தரைக்கட்டுப்பாட்டுத் திரையில் முதலில் `Transition started airspeed`, அடுத்து `Transition airspeed reached`, இறுதியில் `Transition done` என்னும் செய்திகள் இந்தக் கட்டங்களைக் காட்டும்.

கோட்டுக்கு இப்பக்கம் இருக்கும்போது மிதப்புக்குத் திரும்புவது எளிது. மோட்டார்கள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கின்றன, சாய்ந்தவற்றை நிமிர்த்தினால் போதும். அப்பக்கம் போய்விட்டால் முன்னே செல்வதே எளிது. இறக்கை சுமையை ஏற்றுக்கொண்டுவிட்டது, நின்றுபோன மோட்டார்களை மீண்டும் எழுப்புவதுதான் கடினம். ஃபெயில்சேஃப் பற்றிய முடிவு முழுவதும் இந்த வேறுபாட்டின் மீதே நிற்க வேண்டும்.

கோட்டைத் தொட்டோமா என்று சொல்வது பிட்டோ குழாய். முன்னிருந்து வரும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மெல்லிய குழாய் அது. அது இரு திசைகளில் பிழைக்கலாம்; இரண்டின் விளைவும் ஒன்றுபோல் இராது. உறையைக் கழற்ற மறந்தாலோ, குளவி உள்ளே மண் வைத்து அடைத்தாலோ அளவு குறைவாகக் காட்டும். அப்போது ஊர்தி உண்மையில் 17 மீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தாலும் ஆட்டோபைலட் கோட்டுக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். ஊர்தி விழாது, மின்கலம் கரையும், தூரம் கூடும். மாறாக, சாயும் முன்மோட்டாரின் காற்று பிட்டோவின் வாயில் விழும்படி அதைப் பொருத்தியிருந்தால் அளவு மிகையாகக் காட்டும். 11 மீட்டரில் இருக்கும்போதே 15 என்று காட்டினால், இறக்கை தாங்கத் தொடங்கும் முன்பே மிதப்பு உந்துவிசை குறைக்கப்படும். ஊர்தி விழும்.

மிகைப்பிழையைப் பிட்டோ பொருத்தும் இடத்தால் தவிர்க்க வேண்டும். மூக்கிலோ, சுழலிகளின் காற்றுத்தடத்துக்கு வெளியே இறக்கை நுனியிலோ அது நிற்க வேண்டும். குறைப்பிழையை முற்றிலும் தவிர்க்க இயலாது. அதற்குக் கால வரம்பே மருந்து. அந்த வரம்பு எவ்வளவு என்பது சாய்கோணத்தைப் பொறுத்தது.

சாய்கோணம்: மீதமிருக்கும் வலு

காத்திருக்கும் கட்டத்தில் முன்மோட்டார்கள் எவ்வளவு சாயலாம் என்பதை Q_TILT_MAX வரையறுக்கிறது. மென்பொருள் தரும் இயல்பான மதிப்பு 45 பாகை. கோணத்தைக் கூட்டினால் முன்தள்ளும் விசை கூடும், நிலைமாற்றம் விரைவில் முடியும் என்று எண்ணி 55, 60 என்று உயர்த்தும் குழுக்கள் உண்டு. கணக்கு வேறு சொல்கிறது.

மிதப்பில் முன்னிணை ஏறத்தாழ 29.4 நியூட்டன் சுமக்கிறது. வேகம் பிறக்காத முதல் நொடியில் இறக்கை எதையும் சுமப்பதில்லை. ஆகவே முன்னிணை சாய்ந்த பிறகும் அதே 29.4 நியூட்டனை மேல்நோக்கித் தந்தாக வேண்டும். இல்லையேல் பின்னிணை தூக்க, மூக்கு கீழே சாயும். 45 பாகையில் இதற்கு மிதப்பு உந்துவிசையைப் போல் 1.41 மடங்கு தேவை. 55 பாகையில் 1.74 மடங்கு. 60 பாகையில் சரியாக 2 மடங்கு, அதாவது நமது மோட்டாரின் முழு வலுவும். முழு வலுவில் ஓடும் மோட்டாருக்குச் சமநிலை காக்க எதுவும் மிஞ்சாது. காற்று ஒரு பக்கம் தள்ளினால் அந்தப் பக்கத்து மோட்டாரால் இன்னும் கொஞ்சம் கூட்டித் தர முடியாது.

இதில் இடமும் புகுகிறது. கடல்மட்டத்தருகே இரு மடங்கு வலு தரும் அதே மோட்டார், பெங்களூரைப் போல 900 மீட்டர் உயரமுள்ள ஊரில் 30 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள பிற்பகலில், அதே சுழல்வேகத்தில் ஏறத்தாழ 1.7 மடங்குதான் தரும். அங்கே காற்று அவ்வளவு மெலிந்தது. சென்னைக் கடற்கரையில் 55 பாகையில் தடுமாறியாவது பறந்த ஊர்திக்கு அங்கே 55 பாகை இயலாத ஒன்றாகிவிடுகிறது. 45 பாகையில் மட்டும் ஐந்தில் ஒரு பங்கு வலு மீதமிருக்கும். பிட்டோ காட்டும் ஸ்டால் வேகம் இரு ஊர்களிலும் ஒன்றே. அது காற்றழுத்தத்தையே அளப்பதால் மெலிந்த காற்றின் விளைவு அதிலேயே அடங்கிவிடுகிறது. ஆகவே ஊர் மாறும்போது மறுபடி கணக்கிட வேண்டியது சாய்கோணத்தை.

45 பாகையில் தொடக்கத்தில் கிடைக்கும் முன்தள்ளு விசை 29.4 நியூட்டன், 6 கிலோவுக்கு அது நொடிக்கு நொடி 4.9 மீட்டர் வேகத்தைக் கூட்டும். வேகம் ஏற ஏறக் காற்றின் எதிர்ப்பும் ஏறுவதால் சராசரியாக 3.5 எனக் கொள்வது நியாயமானது. காற்றில்லாத நாளில் 15 மீட்டரை எட்ட 4.3 நொடி ஆகும். அதற்குள் தரையில் 32 மீட்டர் கடக்கும். நொடிக்கு 5 மீட்டர் எதிர்க்காற்றில் நிலைமாற்றம் தொடங்கும்போதே பிட்டோ 5 காட்டும், 2.9 நொடியில் 14 மீட்டருக்குள் வேலை முடிந்துவிடும். அதே காற்று பின்னிருந்து வீசினால் 5.7 நொடியும் 57 மீட்டரும் ஆகும். ஒரே காற்று, திரும்பி நின்ற திசை மட்டும் வேறு. தூரம் நான்கு மடங்கு.

சாய்கோணத்தில் இன்னும் இரண்டு கண்ணிகள் உண்டு. முதலாவது, FBWA முறையில் விமானி கையால் தரும் முடுக்கம் பாதிக்குக் கீழிருந்தால் சாய்கோணமும் அதற்கேற்பக் குறைந்துவிடும். பாதியும் அதற்கு மேலும் இருந்தால்தான் Q_TILT_MAX முழுமையாகக் கிட்டும். முதல் முறை பறக்க விடும் மாணவர் அஞ்சி முடுக்கத்தை மூன்றிலொரு பங்கில் வைத்தால், ஊர்தி 30 பாகையிலேயே நின்று, கோட்டை எட்டாமல் ஊர்ந்துகொண்டிருக்கும். பிழை கருவியில் இருப்பதாகவே வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும்.

இரண்டாவது, சாதாரண சர்வோ தான் நிற்கும் கோணத்தைத் திருப்பிச் சொல்வதில்லை. Q_TILT_RATE_DN சொல்லும் வேகத்தில் மோட்டார் சாய்ந்திருக்கும் என்று ஆட்டோபைலட் கருதிக்கொள்கிறது. அந்த மதிப்பு சுழியாக இருந்தால் Q_TILT_RATE_UP மதிப்பை எடுத்துக்கொள்ளும். அதன் இயல்பான மதிப்பு நொடிக்கு 40 பாகை. சுழலியின் சுமையோடு உங்கள் சர்வோ நொடிக்கு 25 பாகைதான் திரும்பும் என்றால், மென்பொருளின் கணக்கிலுள்ள கோணமும் உண்மையான கோணமும் வேறுவேறு. உந்துவிசை ஈடுசெய்தல் தவறான கோணத்துக்குச் செய்யப்படும். மிதப்பிலிருந்து நகரும் முதல் நொடியில் ஊர்தி மூக்கை மேலே தூக்கினால் முதலில் ஐயுற வேண்டியது இதைத்தான். சுழலிகளைக் கழற்றிவிட்டு, கோணமானியோடும் கைபேசிக் காணொளியோடும் இரு பக்கச் சர்வோக்களின் வேகத்தையும் அளப்பது அரைமணி நேர வேலை. ஒரு பக்கச் சர்வோ முற்றிலும் சிக்கிக்கொண்டால் எந்தக் கால வரம்பும் காப்பாற்றாது. ஆகவே இந்தச் சோதனை பறக்கும் நாள் காலையில் செய்யப்பட வேண்டியது.

ஃபெயில்சேஃப்: ஒரே சொல், வேறு பொருள்

'இங்கே', 'அங்கே' என்னும் சுட்டுச்சொற்களுக்குத் தனித்த பொருள் கிடையாது. சொல்பவர் எங்கே நிற்கிறார் என்பதைக் கொண்டே பொருள் அமையும். ஃபெயில்சேஃப் கட்டளைகளும் அத்தகையவை. QLAND என்பது 'இங்கேயே இறங்கு'. QRTL என்பது 'புறப்பட்ட இடத்துக்குப் போய் மிதந்து இறங்கு'. RTL என்பதும் 'வீடு திரும்பு'தான். ஆனால் அது விமான முறைக் கட்டளை. இறக்கையின் பலத்தில் வீடு திரும்பி, Q_RTL_MODE மாற்றப்படாதவரை, வீட்டின் மேல் வட்டமிட்டுக்கொண்டே இருக்கச் சொல்வது. 'ஊர்தி வீடு திரும்பும்' என்று பாதுகாப்பு அறிக்கையில் ஒரு வரி எழுதும் மாணவர் இம்மூன்றில் எதைச் சொல்கிறார் என்பது அந்த வரியிலிருந்து தெரியாது.

நிலைமாற்றத்தின் நடுவே இந்தக் குழப்பம் உயிர்பெறுகிறது. மிதப்பு முறையில் ரேடியோ தொடர்பு அறுந்தால் ஆர்டுபைலட்டின் இயல்பான செயல் QLAND. FBWA முறைக்கு மாறிய கணத்திலிருந்து மென்பொருளின் பார்வையில் அது விமானம். காற்றுவேகம் 2 மீட்டராக இருந்தாலும், இறக்கை எடையில் நூற்றில் இரண்டு பங்கைக் கூடத் தாங்காவிட்டாலும், அதன் மீது விமானத்துக்குரிய விதியே செயல்படும். ரேடியோ அறுந்தால் முதலில் வட்டமிடல், தொடர்பு மீளாவிட்டால் RTL. அதாவது, முன்னே செல்லும் முயற்சி தொடரும். இயற்பியல் இன்னும் ஹெலிகாப்டர் என்கிறது. வகைப்பாடு விமானம் என்று பெயர் சூட்டிவிட்டது.

தொடர்பு மட்டும் அறுந்து மற்றவை சரியாக இருந்தால் இதனால் கேடில்லை. ஊர்தி கோட்டைத் தாண்டிப் பறந்து திரும்பி வந்துவிடும். பிட்டோ அடைபட்ட ஊர்தியில் என்ன நடக்கிறது என்று தொடர்ந்து பார்ப்போம். கோடு எட்டப்படவில்லை. Q_TRANS_FAIL என்னும் கால வரம்பின் இயல்பான மதிப்பு சுழி. சுழிக்கு வரம்பே இல்லை என்று பொருள். நான்கு மோட்டார்களும் பெருமின்னோட்டத்தில் ஓடுகின்றன, மின்னழுத்தம் தாழ்கிறது. தாழ்ந்த மின்னழுத்தம் 10 நொடி நீடித்தால் மின்கல ஃபெயில்சேஃப் விழித்துக்கொள்ளும். BATT_LOW_TIMER என்பதன் இயல்பான மதிப்பு அதுவே. சாதாரணமாக 3 முதல் 6 நொடிக்குள் முடியும் நிலைமாற்றம் இந்த 10 நொடியைத் தொடுவதேயில்லை. சிக்கிக்கொண்ட நிலைமாற்றம் தொட்டுவிடும். அப்போது என்ன செய்ய வேண்டும் என்று குழு குறித்திருப்பது பெரும்பாலும் RTL. RTL விமான முறை. அதற்கு நிலைமாற்றம் முடிந்தாக வேண்டும். அது முடியவில்லை என்பதுதான் நோயே. தோற்ற செயலையே மருந்தாகக் கொடுத்துவிட்டு, ஊர்தி நான்கு மோட்டார்களிலும் மின்கலத்தை எரித்தபடி வீட்டை நோக்கி ஊர்கிறது.

இங்கே எந்த மென்பொருள் பிழையும் இல்லை. ஒவ்வொரு அளவுருவும் தனக்குச் சொல்லப்பட்டதைத்தான் செய்கிறது. மூன்று முடிவுகளும் வெவ்வேறு நாளில், ஒன்றையொன்று அறியாமல் எடுக்கப்பட்டதே குறை.

முடிவுகளை ஒன்றாக எடுத்தல்

மேற்சொன்ன ஊர்திக்கு வரிசையை மாற்றிப் பார்ப்போம். முதற்கேள்வி: கோட்டுக்கு இப்பக்கம் தோற்றால் எங்கே இறங்க வேண்டும்? கல்லூரி மைதானம் 200 மீட்டர் நீளம், அதன் முனையில் சாலை என்று கொள்வோம். QLAND 'இங்கே' என்று சொல்லும். அந்த 'இங்கே' சாலையின் மேல் இருந்தால் ஏற்க முடியாது. ஆகவே QRTL. அளவுருவில் அதற்குரிய எண் 1; QLAND வேண்டுமெனில் 0.

அடுத்து, எத்தனை நொடி காத்திருப்பது? மிக மோசமான பின்காற்றிலும் 5.7 நொடியில் கோட்டைத் தொட வேண்டும் என்று கணக்குச் சொல்கிறது. இரண்டு நொடிக்குச் சற்று மிகுதியாக இடைவெளி சேர்த்து 8. அந்த 8 நொடியில் ஊர்தி எவ்வளவு தூரம் போயிருக்கும்? 15 மீட்டர் காற்றுவேகத்தை எட்டிய பின் அதே வேகத்தில் நீடித்தாலே பின்காற்றில் 103 மீட்டர், எதிர்க்காற்றில் 65 மீட்டர். நிற்க எடுக்கும் தூரம் இதற்கு மேல். பின்காற்றில் தோற்றால் இன்னொரு சுமையும் உண்டு: வீடு திரும்பும் வழி எதிர்க்காற்றாகிவிடும், மிதப்பு நிலையில் மூக்கைத் தாழ்த்தி எதிர்க்காற்றில் செல்லும் ஊர்தியின் இறக்கை அதைக் கீழே அழுத்தும். எதிர்க்காற்றில் புறப்பட்டுத் தோற்ற ஊர்திக்கோ திரும்பும் வழி காற்றோடு போகும் வழி. எனவே நிலைமாற்றம் எப்போதும் காற்றை எதிர்த்தே தொடங்க வேண்டும் என்பது இந்தக் குழுவின் விதியாகிறது. வேகத்தையோ கோணத்தையோ பற்றிய எந்த விவாதமும் இன்றி, திரும்பும் வழியைக் கேட்டதிலிருந்தே அந்த விதி பிறந்துவிட்டது.

மூன்றாவது, கோட்டுக்கு அப்பக்கம் வேகம் குறைந்தால்? இறக்கைக்கு மோட்டார்கள் துணைவரத் தொடங்கும் வேகத்தை Q_ASSIST_SPEED குறிக்கிறது. அது ஸ்டாலுக்கு மேலும் கோட்டுக்குக் கீழும் இருக்க வேண்டும், 11.6க்கும் 15க்கும் இடையே 13 பொருந்தும். அதைக் கோட்டுக்கு மேல் 16 என்று வைத்துவிட்டால் 15ஐத் தொட்ட பிறகும் துணை ஓயாது. துணை ஓயாதவரை நிலைமாற்றமும் அடுத்த கட்டத்துக்கு நகராது. பிட்டோவில் குறை தேடிக் குழு ஒரு நாளை இழக்கும்.

நான்காவது, கோட்டுக்கு அப்பக்கம் வீடு திரும்ப நேர்ந்தால்? அங்கே RTL பொருந்தும்; ஆனால் வட்டமிட்டுக்கொண்டே நில்லாமல், வீட்டருகே மிதப்புக்கு மாறி இறங்கச் சொல்ல வேண்டும்.

```
Q_TRANS_FAIL      8
Q_TRANS_FAIL_ACT  1
AIRSPEED_MIN      15
Q_ASSIST_SPEED    13
Q_TILT_MAX        45
Q_RTL_MODE        1
```

இந்த எண்கள் இந்தக் கற்பனை ஊர்திக்கு உரியவை; வேறொன்றுக்கு அப்படியே எடுத்தாளத் தக்கவை அல்ல. எடுத்தாள வேண்டியது வரிசையை. பறந்த பின் சரிபார்ப்பதும் எளிது. `Transition started airspeed` என்பதற்கும் `Transition airspeed reached` என்பதற்கும் இடைப்பட்ட நேரத்தை ஒவ்வொரு பறப்பிலும் குறித்து வந்தால் போதும். இதே காற்றில் 3 நொடியாக இருந்தது 5 ஆக வளர்ந்தால், பிட்டோவோ சர்வோவோ சுழலியோ எதுவோ மாறிவிட்டது. 8 நொடி வரம்பு விழிக்கும் முன்பே தரையில் தெரிந்துவிடும்.

எதிர்வாதங்கள்

அனுபவமுள்ள விமானிகள் ஒரு மறுப்பைச் சொல்வதுண்டு: கையில் ரேடியோ இருக்கிறது, சிக்கல் தெரிந்தால் QHOVER முறைக்கு மாற்றிவிடலாம், தானியங்கி வரம்பு எதற்கு? இதில் உண்மை உண்டு. கண்ணுக்கு எட்டும் தொலைவில், தேர்ந்த கையில், மனிதத் தீர்ப்பே சிறந்தது. ஆனால் குறையாகக் காட்டும் பிட்டோவின் இயல்பே எதுவும் தவறாகத் தெரியாமல் இருப்பதுதான். ஊர்தி சமநிலையாக, அழகாக, வேகமாக முன்னே போய்க்கொண்டிருக்கும். நிலைமாற்றம் முடியவில்லை என்பதைக் காட்டுவது திரையில் வராத ஒரு செய்தி மட்டுமே. விமானியின் கண்ணோ வானில் இருக்கிறது. வராததைக் கவனிக்க மனிதரைவிடக் கடிகாரம் ஏற்றது.

இரண்டாவது மறுப்பு இதைவிட வலுவானது. கால வரம்பு பொய்யாக விழித்தால், நன்றாகப் பறக்கவிருந்த ஊர்தியைத் தடுத்து, அதற்குத் தேவையில்லாத ஆபத்தை அதுவே உண்டாக்காதா? வரம்பு கோட்டைத் தொடும் வரைதான் எண்ணுகிறது என்பதே விடை. அந்தக் கட்டத்தில் திரும்புதல் எளிது என்று முன்பே பார்த்தோம். பொய்யாக ஒருமுறை திரும்பினால் இழப்பு ஒரு பறப்பின் மின்கலம். கோட்டுக்கு அப்பக்கமும் இத்தகைய வரம்பு செயல்பட்டால் இந்த மறுப்பு முழுமையாகப் பொருந்தும். மென்பொருளை வடித்தவர்கள் அவ்வாறு வைக்கவில்லை.

யாருடைய பொறுப்பு

2021 ஆகஸ்ட் 25 அன்று அறிவிக்கப்பட்ட ட்ரோன் விதிகளின்படி 2 கிலோவுக்கு மேல் 25 கிலோ வரையுள்ளவை சிறு ட்ரோன்கள்; நமது 6 கிலோ ஊர்தி அவ்வகையது. வணிகமாக விற்கப்பட்டால் அதன் மாதிரிக்குச் சான்றிதழ் வேண்டும். ஆய்வுக்கும் சோதனைக்கும் பறக்கவிடும் கல்வி நிறுவனங்களுக்கோ விதிகள் விலக்களிக்கின்றன: பச்சை மண்டலத்தில், தம் வளாகத்துக்குள்ளோ தம் கட்டுப்பாட்டிலுள்ள திறந்தவெளியிலோ பறக்கவிட்டால் மாதிரிச் சான்றிதழோ, தனி அடையாள எண்ணோ, விமானி உரிமமோ கேட்கப்படுவதில்லை. ஆய்வுக்கு இது தேவையான சுதந்திரம். அதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கல்லூரி ஊர்தியின் ஃபெயில்சேஃப் அளவுருக்களை வெளியிலிருந்து வேறு எவரும் பார்க்கப்போவதில்லை. அதைப் பார்க்கும் ஒரே கண் நெறியாளருடையது. விலக்கு வளாகத்தின் எல்லைக்குள் மட்டுமே செல்லும். கால வரம்பில்லாத நிலைமாற்றம் அந்த எல்லையைச் சில நொடிகளில் கடந்துவிடும்.

ஆகவே துறைகள் செய்யக்கூடியது இது. குவாட்பிளேன் திட்டம் எதுவும் முதற்பறப்புக்கு முன் ஒரு பக்கத் தாளைச் சமர்ப்பிக்க வேண்டும். அதில் மூன்று பத்திகள்: மிதப்பு, கோட்டுக்கு இப்பக்கம், கோட்டுக்கு அப்பக்கம். நான்கு வரிசைகள்: ரேடியோ அறுதல், மின்கலம் தாழ்தல், காற்றுவேக அளவு பிழைத்தல், விமானி தாமே கைவிடுதல். பன்னிரண்டு கட்டங்களிலும் 'வீடு திரும்பும்' என்று எழுதக் கூடாது. எந்தக் கட்டளை, எங்கே இறங்கும், எத்தனை நொடியில் என்று எழுத வேண்டும். நிரப்ப முடியாத கட்டம் ஒன்றேனும் இருந்தால் ஊர்தி அன்று மிதந்து இறங்கலாம். நிலைமாற்றத்துக்குப் போகக் கூடாது. ஆய்வேட்டில் ஆதாயக் குணகங்களின் அட்டவணைக்கு முன்பாக இந்தத் தாள் இடம்பெறட்டும். மதிப்பீட்டுக் கூட்டத்தில் நான்காவது நொடியைப் பற்றிய கேள்வி எழும்போது, தாளின் நடுப்பத்தியைச் சுட்டி விடை சொல்ல முடிய வேண்டும்.